‘போஸ்ட் ஆப்ல வழக்கமானதை எழுதிடுங்க’

சிசேரியன் முடிந்து கையுறையைக் கழற்றிய கையோடு, மகப்பேறு மருத்துவர் கைபேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பியது இது. (விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட பதிவு, உண்மையான நோயாளி யாருடையதும் இல்லை.)

“எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ். பண்ணியாச்சு, ஸ்பைனல்ல. ஆண் குழந்தை, 2.9 கிலோ, உடனே அழுதுது, ஏப்கார் எட்டு, ஒன்பது. யூட்ரஸ் ரெண்டு லேயரா க்ளோஸ் பண்ணோம், விக்ரில் ஒண்ணு. ப்ரீவியஸ் சிசேரியன் கேஸ், வலியோட வந்தாங்க, ஃபீட்டல் ஹார்ட் டிப் ஆச்சு, அதான் எடுத்தோம். பிளாடர் கொஞ்சம் மேலே ஒட்டியிருந்துச்சு, கவனமா கீழே தள்ளினோம். லெஃப்ட் ஆங்கிள்ல கொஞ்சம் எக்ஸ்டெண்ட் ஆச்சு, தனியா தைச்சாச்சு. பிளட் லாஸ் ஆவரேஜ். மெக்கோனியம் லேசா இருந்துச்சு. ட்யூப், ஓவரி நார்மல். மாப் கவுன்ட் சரி. ஆங், பி.பி. கொஞ்சம் ஹை, 150/100, மாத்திரை போயிட்டிருக்கு. யூரின் க்ளியர். போஸ்ட் ஆப்ல வழக்கமானதை எழுதிடுங்க. ப்ளீடிங் இருந்தா மெத்தர்ஜின் ஒரு ஆம்பியூல் ஐ.எம். போடச் சொல்லுங்க.”

அறுவையை நன்றாகச் செய்த ஒருவரின் பேச்சுதான் இது. நினைவுக்கு வந்த வரிசையில் வந்திருக்கிறது, அவ்வளவே. முதலில் குழந்தை, அப்புறம் தையல், அப்புறம்தான் ஏன் அறுவை என்பது. கிளம்பப்போகும் நேரத்தில் பி.பி. இதை வாங்கி, கேஸ் ஷீட்டில் சேரவேண்டிய அறுவைக் குறிப்பாக மாற்றி எழுதுவது பதிவேட்டுப் பிரிவில் இருப்பவரின் வேலை. பல மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவரோ தியேட்டர் நர்ஸோ இதைச் செய்வார்கள்.

குறிப்புக்கு ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே வரிசைதான்: நோயறிதல், அறுவைக்கான காரணம், மயக்க முறை, உள்ளே கண்டவை, செய்தவை, ரத்த இழப்பு, பொருள் எண்ணிக்கை, அறுவைக்குப் பிந்தைய ஆணைகள். மேலோட்டமாகப் பார்த்தால் வெட்டி ஒட்டும் வேலை போலத் தோன்றும். ஆனால் இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே வரும் ஒவ்வொரு பகுதியும் கீழே ஒரு பதிலைக் கேட்கிறது. காரணம் கேட்பதற்குக் கண்டவை பதில் சொல்ல வேண்டும். கண்டதற்கேற்பச் செய்தவை இருக்க வேண்டும். நோயறிதலும் ரத்த இழப்பும் சேர்ந்து ஆணைகளைத் தீர்மானிக்கும். பேச்சு கலைந்து கிடக்கும்வரை விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. வரிசைப்படுத்தினால் அது வெற்றிடமாக நிற்கும்.

காரணம் கேட்கும் கேள்வி

“ஃபீட்டல் ஹார்ட் டிப் ஆச்சு” என்ற சொற்றொடரை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குவது பல வகை. வலியோடு சேர்ந்து இறங்கி வலியோடே மீள்வதைப் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு இறங்கி மெதுவாகத் திரும்புவதும், திரும்பத் திரும்ப அப்படியே நடப்பதும் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவதைக் காட்டலாம். ‘டிப்’ என்ற ஒரு சொல்லில் இரண்டும் அடங்கிவிடும். ஆகவே எழுதுபவர் ‘குழந்தைக்கு மூச்சுத்திணறல்’ என்று தானாக விரித்து எழுதாமல், மருத்துவரையே கேட்க வேண்டும்.

“மேடம், டிப் எந்த மாதிரி? கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருந்துச்சு?”

“லேட் டிசெலரேஷன். தொண்ணூறு வரைக்கும் இறங்குச்சு, திரும்பத் திரும்ப. அஞ்சு சென்டிமீட்டர். சி.டி.ஜி. தாள் கேஸ் ஷீட்லயே இருக்கு.”

இப்போது காரணம் என்ற தலைப்பின் கீழ் முழு வாக்கியம் வந்துவிட்டது. வந்தவுடனே அது அடுத்த கேள்வியைக் கிளப்புகிறது. முன்பே சிசேரியன் ஆன கருப்பை, வலி வந்திருக்கிறது, குழந்தையின் துடிப்பு இறங்கியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மகப்பேறு மருத்துவரும் முதலில் சந்தேகிப்பது பழைய தழும்பு பிரிகிறதா என்பதைத்தான். தழும்பு பிரியும்போது வயிற்றுவலியோ ரத்தப்போக்கோ வராமல், குழந்தையின் துடிப்பு மாற்றம் மட்டுமே அறிகுறியாக இருப்பதும் உண்டு. அப்படியானால் ‘கண்டவை’ பகுதியில் தழும்பு எப்படி இருந்தது என்ற வரி கட்டாயம் வர வேண்டும். பதிவில் சிறுநீர்ப்பை இருக்கிறது, கருக்குழாய் இருக்கிறது, மெக்கோனியம் இருக்கிறது. தழும்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

பேச்சைக் கேட்டுக்கொண்டே போகிறவருக்கு இது உறைக்காது. காரணத்தை மேலே வைத்துக் கண்டவற்றை அதன் கீழே எழுதும்போது உறைக்கும். கேட்டதும் மருத்துவர் உடனே சொன்னார்: “தழும்பு மெலிஞ்சிருந்துச்சு, ஆனா பிரியலை.” அறுவையின்போது அவர் பார்த்த முக்கியமான விஷயம் இதுதான். பார்த்ததாலேயே, சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

சொல்லாததை எழுதாதே

‘செய்தவை’ பகுதியில் நேர் எதிரான ஆபத்து உண்டு. சிசேரியனின் படிகள் எல்லோருக்கும் மனப்பாடம். வயிற்றைத் திறப்பது, சிறுநீர்ப்பையைக் கீழே இறக்குவது, கருப்பையைக் கீறுவது, குழந்தையை எடுப்பது, ஆக்ஸிடோசின் கொடுப்பது, நஞ்சுக்கொடியை எடுப்பது, தைப்பது. மேலே உள்ள பதிவில் நஞ்சுக்கொடி என்ற பேச்சே இல்லை. கருப்பையைக் குறுக்கே கீறினார்களா, நெடுக்கிலா என்பதும் இல்லை. அறுவைக்கு முன் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கும் இல்லை.

இந்த இடத்தில் கை தானாக ஓடும். ‘நஞ்சுக்கொடியும் சவ்வுகளும் முழுமையாக வெளியேற்றப்பட்டன’ என்ற வரி கணினியில் முன்பே அடித்து வைத்த படிவத்திலும் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மூன்று நாள் கழித்து அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலும் ரத்தப்போக்கும் வந்தால், உள்ளே நஞ்சுத்துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர் இந்த வரியைத்தான் முதலில் படிப்பார். ‘முழுமையாக’ என்று எழுதியிருந்தால் அவருடைய சந்தேகம் வேறு பக்கம் போகும். யாரும் பார்க்காமலும் சொல்லாமலும் படிவத்திலிருந்து வந்த சொல் அது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

கருப்பைக் கீறலும் அப்படித்தான். எல்.எஸ்.சி.எஸ். என்றாலே கருப்பையின் கீழ்ப்பகுதியில் போடும் கீறல். அது பெரும்பாலும் குறுக்குக் கீறல். கிளாஸ்கோவின் மன்றோ கெர் 1920-களில் வலியுறுத்திப் பரப்பிய முறை இது. குறைமாதத்தில், கீழ்ப்பகுதி விரிந்து கொடுக்காதபோது, நெடுக்காகக் கீறவோ குறுக்குக் கீறலை மேல்நோக்கி நீட்டவோ நேரலாம். வெளியே தோலில் தெரியும் தழும்பு எல்லா நிலையிலும் ஒரே மாதிரி குறுக்காகவே இருக்கலாம். உள்ளே கருப்பையில் என்ன தழும்பு என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கீழ்ப்பகுதிக் குறுக்குத் தழும்பு ஒன்று இருக்கும் பெண் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால் அது கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய 200-ல் ஒன்று. மேல்பகுதியில் நெடுக்குத் தழும்பு என்றால் அந்த ஆபத்து பல மடங்கு. அவர்களை வலி வரும்வரை காத்திருக்க விடுவதில்லை. இதற்கு ஒரே சாட்சி அறுவைக் குறிப்பின் அந்த ஒரு வரிதான்.

இடது மூலையில் ‘கொஞ்சம் எக்ஸ்டெண்ட்’ என்றதையும் அப்படியே விட முடியாது. குழந்தையின் தலையை எடுக்கும்போது கீறலின் ஓரம் கிழிந்து நீள்வது வழக்கமாக நடப்பது. பக்கவாட்டில் போனால் அங்கே கருப்பைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள். அவற்றை ஒட்டியே சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயும் போகிறது. கீழ்நோக்கிப் போனால் கர்ப்பப்பை வாய். எந்தத் திசையில், எத்தனை சென்டிமீட்டர் என்பது வேண்டும். தையல் நூலிலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. விக்ரில் ‘ஒண்ணு’ வேறு, ‘ஒன் ஜீரோ’ வேறு, பின்னது மெல்லியது. பதிவில் வால் சொல் விழுங்கப்பட்டிருந்தால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே எழுதுபவருக்கு விதி எளிது. இடத்தை மாற்றலாம், சொல்லைத் திருத்தலாம், பேச்சுநடையை எழுத்துநடையாக்கலாம். சொல்லாத ஒன்றைச் சேர்க்கக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, கேள்வியோடு மருத்துவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

‘ஆவரேஜ்’ எத்தனை மில்லி?

ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடும்போது, இழப்பு கூடக்கூட மதிப்பு குறைவாகவே வரும். சிசேரியனில் இன்னொரு குழப்பமும் உண்டு: சக்‌ஷன் பாட்டிலில் சேர்வது ரத்தம் மட்டும் இல்லை, பனிக்குட நீரும் சேர்ந்துதான். அதனால் கவனமான தியேட்டர்களில் குழந்தை வெளியே வந்ததும், நஞ்சுக்கொடி எடுப்பதற்கு முன், பாட்டிலின் அளவைக் குறித்துக்கொள்வார்கள். துணிகளை எடை போடுவார்கள். ஒரு கிராமை ஒரு மில்லி என்று கொள்வது வழக்கம்.

நம் அறுவையில் தியேட்டர் சிஸ்டர் பலகையில் எழுதி வைத்திருந்தார். பாட்டில் குழந்தை வந்தபோது 400 மில்லி, முடிவில் 750, வித்தியாசம் 350. நனைந்த மாப் ஐந்தின் எடை 480 கிராம். காய்ந்த மாப் ஒன்று 30 கிராம் என்பதால் 150-ஐக் கழித்தால் 330. கீழ்விரிப்பில் இருந்த ரத்தக்கட்டி 70 கிராம். மொத்தம் 750 மில்லி. மாப்பில் கொஞ்சம் பனிக்குட நீரும் ஊறியிருக்கும், தரையில் சிந்தியது கணக்கில் வராது. துல்லியம் என்று சொல்ல முடியாவிட்டாலும் இது ஓர் எண்.

எண் ஏன் வேண்டும்? மொத்த இழப்பு 1000 மில்லியை எட்டினால் அது மிகை ரத்தப்போக்கு. தியேட்டருக்குள் போனதும் வார்டில் போவதும் சேர்த்துத்தான் இந்த மொத்தம். இரவில் வார்டில் 300 மில்லி போனால், ‘ஆவரேஜ்’ என்று படித்த நர்ஸுக்கு அது வெறும் 300. ‘750’ என்று படித்தவருக்கு 1050. உடனே மருத்துவரைக் கூப்பிடுவார்.

முதல் வரியும் கடைசி வரியும்

பதிவில் மிக ஆபத்தான இடம் அதன் கடைசி வாக்கியம். மெத்தர்ஜின் கருப்பையை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் நல்ல மருந்து. ஆனால் அது உடம்பின் ரத்தக்குழாய்களையும் இறுக்கும். ஏற்கெனவே பி.பி. கூடியவருக்குக் கொடுத்தால் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். அதனால் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். பேச்சில் பி.பி. போகிறபோக்கில் வந்தது, மருந்து இன்னொரு மூச்சில் வந்தது. குறிப்பில் பி.பி. முதல் வரியான நோயறிதலுக்கு ஏறிவிடுகிறது, மருந்து ஆணைகளில் உட்கார்கிறது. முதல் வரியையும் ஆணைகளையும் ஒத்துப் பார்த்தால் முரண்பாடு தெரிந்துவிடும்.

அப்போதும் மெத்தர்ஜினை அடித்துவிட்டு வேறு மருந்தை எழுதும் உரிமை எழுதுபவருக்குக் கிடையாது. “மேடம், பி.பி. 150/100-ன்னு நோயறிதல்ல இருக்கு, ஆணையில மெத்தர்ஜின் இருக்கு, பாத்துச் சொல்லுங்க” என்று காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது.

“அட, ஆமாம். அதை எடுத்துடுங்க. கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் ஐ.எம். ஆஸ்துமா இருக்கான்னு கேட்டாச்சு, இல்லை. ஆனா போடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடணும்னு எழுதுங்க.”

‘வழக்கமானது’ என்பதும் ஆணை ஆகாது. பகல் நர்ஸின் வழக்கமும் இரவு நர்ஸின் வழக்கமும் வேறு வேறாக இருக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று இருந்தால்தான் அதை நிறைவேற்ற முடியும். எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது எண்ணாக இருக்க வேண்டும். ‘பி.பி. குறைந்தால்’ என்று எழுதினால் ஆளுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வார்கள்.

கேள்விகளுக்குப் பதில் வந்தபின் எழுதிய குறிப்பு கீழே. மருத்துவமனையில் இது ஆங்கிலத்தில் இருக்கும்.

நோயறிதல்: இரண்டாவது கர்ப்பம், 38 வாரம். முன்பு ஒரு சிசேரியன். பிரசவ வலி தொடங்கியுள்ளது. கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், 150/100. லேபெட்டலால் 100 மி.கி. தினம் இருவேளை.

காரணம்: குழந்தையின் இதயத்துடிப்பு வலிக்குப் பின் மீண்டும் மீண்டும் 90 வரை இறங்கியது. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. அவசரம்: முதல் வகை.

நேரம்: முடிவெடுத்தது பகல் 2.10. தோல் கீறல் 2.34. குழந்தை 2.42. அறுவை முடிவு 3.25.

மயக்கம், முன்னேற்பாடு: ஸ்பைனல். செஃபசோலின் 2 கிராம், 2.25-க்கு. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டது. இடப்பக்கச் சாய்வு.

கண்டவை: பழைய தழும்பு மெலிந்துள்ளது, பிரியவில்லை. சிறுநீர்ப்பை கீழ்ப்பகுதியின் மேல் ஒட்டியுள்ளது. பனிக்குட நீரில் லேசான மெக்கோனியம். கருக்குழாய், சினைப்பை இயல்பு.

செய்தவை: பழைய தோல் தழும்பின் வழியே வயிறு திறக்கப்பட்டது. சிறுநீர்ப்பை பிரித்துக் கீழே இறக்கப்பட்டது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல். தலை முதலாக ஆண் குழந்தை, 2.9 கிலோ, ஏப்கார் முதல் நிமிடம் 8, ஐந்தாம் நிமிடம் 9. ஆக்ஸிடோசின் 5 யூனிட் நரம்பு வழி, மெதுவாக. நஞ்சுக்கொடி 2.45-க்கு, நஞ்சும் சவ்வும் முழுமை. கீறலின் இடது மூலை பக்கவாட்டில் 2 செ.மீ. நீண்டது, கர்ப்பப்பை வாய்க்கு இறங்கவில்லை, தனியாகத் தைக்கப்பட்டது. கருப்பை இரண்டு அடுக்காக, விக்ரில் 1. ரத்தக்கசிவு நின்றதை உறுதிசெய்து வயிறு மூடப்பட்டது.

ரத்த இழப்பு: 750 மில்லி, அளந்தது. சிறுநீர்: 250 மில்லி, தெளிவு. எண்ணிக்கை: மாப், ஊசி, கருவிகள் மூன்றும் சரி.

ஆணைகள்:
1. நாடி, பி.பி., சுவாசம், கருப்பை இறுக்கம், ரத்தக்கசிவு: முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை.
2. உடனே அழைக்கவும்: நாடி 110-க்கு மேல், மேல் அழுத்தம் 90-க்குக் கீழ், பி.பி. 160/110-ஐ எட்டினால், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே 2 மணி நேரம் தொடர்ந்தால், மொத்த ரத்த இழப்பு 1000 மில்லியை நெருங்கினால்.
3. ஆக்ஸிடோசின் 20 யூனிட், 500 மில்லி நார்மல் சலைனில், மணிக்கு 125 மில்லி.
4. ரத்தப்போக்கு கூடினால் மருத்துவரை அழைத்தபின் கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் ஐ.எம். மெத்தர்ஜின் கூடாது.
5. பாராசிட்டமால் 1 கிராம், 6 மணிக்கு ஒருமுறை. லேபெட்டலால் தொடரவும்.
6. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சிறுநீர்க் குழாய் 12 மணி நேரம் கழித்து எடுத்து, நடக்க வைக்கவும். காலையில் ஹீமோகுளோபின்.

அடுத்த கர்ப்பத்துக்கு: இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் உள்ளதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். திட்டமிட்ட சிசேரியன்.

இதில் சில வரிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சிறுநீர்ப்பை ஒட்டியிருந்தது என்ற வரிக்குப் பதில்தான் ‘சிறுநீர் தெளிவு’ என்பது. சிவந்திருந்தால் பையில் காயம் பட்டதா என்று தேட வேண்டியிருந்திருக்கும். பேச்சில் இந்த இரண்டுக்கும் இடையே ஆறு வாக்கியங்கள் இருந்தன. நேரத்தைக் கவனித்தால் முடிவெடுத்ததிலிருந்து குழந்தை வர 32 நிமிடம். முதல் வகை அவசரத்துக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு 30 நிமிடம். இரண்டு நிமிடத்தைக் குறைத்து எழுதத் தோன்றலாம். ஆனால் மயக்க மருத்துவரின் தாளிலும் குழந்தைப் பதிவேட்டிலும் இதே நேரங்கள் இருக்கும். ஒரு நேரத்தை மாற்றினால் மற்ற எல்லா வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

மருத்துவர் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் இது அறுவைக் குறிப்பு. அதற்குப் பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தால் பழையதை அழிக்காமல், ‘பின்சேர்க்கை’ என்று அந்த நேரத்தோடு கீழே எழுதுவார்கள்.

சிசேரியன் ஆன பெண்ணும் குடும்பமும் இந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பெரும்பாலும் ‘எல்.எஸ்.சி.எஸ். செய்யப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களை வைத்திருக்கச் சொல்வது, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு. அடுத்த பிள்ளை நான்கு வருடம் கழித்து வந்தால், கருப்பையில் இருப்பது குறுக்குத் தழும்பா நெடுக்கா, மூலை கிழிந்ததா என்பதைச் சொல்லும் தாள் வீட்டு பீரோவில் இருப்பது மட்டுமாகவே இருக்கலாம்.